நெட்டையா படம் கேட்டா ஒருத்தி ஏன் ரெண்டு பேரா வர்றா?

வெள்ளைத்தாள் | ஜூன் 4, இரவு 11.12

போன் வால்பேப்பருக்கு ஏஐ வச்சு ஒரு படம் பண்ணலாம்னு மூணு நாளா உக்காந்திருக்கேன். மழையில சிவப்புக் குடை பிடிச்சுக்கிட்டு ஒரு பொண்ணு தனியா நிக்கணும், அவ்வளவுதான் கேட்டது. ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5 மாடல்ல 576×1280 வச்சு ஓட்டினா மேல ஒரு பொண்ணு, அவ இடுப்புக்குக் கீழ பாவாடை வர வேண்டிய இடத்துல இன்னொரு முகம், அந்த முகத்துக்குன்னு தனியா ஒரு குடை வேற. சீட் நம்பரை மாத்தி ஓட்டினா தலை ஒண்ணுதான், சரின்னு பாத்தா வயிறு ரெண்டு மாடி, பெல்ட் ரெண்டு இடத்துல. இதே ப்ராம்ப்ட்டை 512×512ல போட்டா அழகா ஒரே ஆளு.

```
portrait of a woman holding a red umbrella, detailed face, beautiful eyes, rain, street
```

என் கட்சி என்னன்னா 9:20ங்கிற ரேஷியோவே இதுக்குப் புரியல. சரிதானா?

சீட்ராஜா | ஜூன் 4, இரவு 11.31

நெகட்டிவ் ப்ராம்ப்ட்ல, அதாவது வேண்டாததை எழுதுற பெட்டியில இதைப் போடு ப்ரோ, போயிரும். நான் எல்லாப் படத்துக்கும் கண்ண மூடிட்டு போடுறேன்.

```
two heads, duplicate, clone, extra person
```

வெள்ளைத்தாள் | ஜூன் 4, இரவு 11.58

போட்டேன். ரெண்டாவது தலை போகல, அந்தப் பக்கம் திரும்பி நிக்குது. இப்ப முடி மட்டும் தெரியுது.

தூங்காதவன் | ஜூன் 5, அதிகாலை 2.40

இது ஸ்க்ரீன் செட்டிங் பிரச்சனைங்க. டிவியில பழைய படம் போட்டா எல்லாரும் குண்டாத் தெரிவாங்கல்ல, அந்த மாதிரி. ஒரிஜினல் சைஸ்னு ஒரு ஆப்ஷன் இருக்கும் பாருங்க.

வெள்ளைத்தாள் | ஜூன் 5, காலை 7.05

இழுத்தா ஒரு ஆளு ஒல்லியாவா, இன்னொருத்தி எங்கிருந்து வருவா? தூங்குங்க.

பழையபிக்சல் | ஜூன் 5, காலை 9.20

ரேஷியோ மேல பழி போடாதீங்க. ரெண்டே ரெண்டு டெஸ்ட் பண்ணிப் பாருங்க, நீங்களே மாத்திச் சொல்வீங்க. ஒண்ணு, அதே மாடல்ல 1024×1024. பக்கா சதுரம், ரேஷியோவுல ஒரு குறையும் இல்ல, ஆனாலும் ரெண்டு மூணு பேர் வந்து நிப்பாங்க. இன்னொண்ணு 384×832. உங்க ரேஷியோவுக்குப் பக்கத்துலதான் இருக்கு, ஆனா தலை மேல தலை வர்றது நல்லாவே குறையும். அப்ப குற்றவாளி நீளப் பக்கம். அந்த மாடல் பழகினது 512×512 படத்துல. ஒரு பக்கம் அதைத் தாண்டி ரொம்ப தூரம் போச்சுன்னா ஆட்டம் காணும், அகலமோ உயரமோ ரெண்டும் ஒண்ணுதான்.

ஏன் தாண்டினா ஆடுதுன்னா, 512 பிக்சலை மொதல்ல எட்டுல ஒண்ணாச் சுருக்கி 64 கட்டமா ஆக்குது. உள்ள நெட்வொர்க் அதையும் சுருக்கிச் சுருக்கி நடுவுல 8க்கு 8 கட்டத்துல வந்து நிக்குது. மொத்தப் படத்தையும் ஒரே கைப்பிடியில பிடிக்கிற இடம் அதுதான், தலை இங்க உடம்பு அங்கன்னு அமைப்பு முடிவாகுறதுல பெரிய பங்கு அங்கதான். நீங்க 1280 உயரம் குடுத்தா அந்த இடத்துல 8 கட்டத்துக்குப் பதிலா 20 கட்டம் நிக்குது. ஜன்னல் அளவுக்கே படம் வரைஞ்சு பழகின ஆள்கிட்ட நெட்டைச் சுவரைக் குடுத்த கதைதான், மேல ஒரு ஜன்னல் அளவுக்கு முழுசா வரைஞ்சு முடிச்சிட்டு கீழ வந்து அடுத்த ஜன்னலுக்குன்னு மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிப்பான். கீழ் பாதிக்கு மேல் பாதி தெரியாது.

கோணல்கோடு | ஜூன் 5, காலை 10.02

கடைசி வரி தப்பு. அந்த மாடல்ல செல்ஃப் அட்டென்ஷன் இருக்கு, கீழ இருக்கிற கட்டம் மேல இருக்கிற கட்டத்தைப் பாக்கத்தான் செய்யுது. தெரியாதுன்னு எப்படிச் சொல்றீங்க?

பழையபிக்சல் | ஜூன் 5, காலை 10.44

ஒத்துக்கிறேன், அந்த வரியை வாபஸ் வாங்குறேன். தெரியும். ஆனா தான் எங்க நிக்குறோம்னு அதுக்குத் தெரியாது, அப்படிச் சொல்லியிருக்கணும். அந்த அட்டென்ஷன்ல இடத்துக்குன்னு தனியா நம்பர் கிடையாது, நீ மேல இருந்து மூணாவது கட்டம்னு யாரும் சொல்லித் தர்றதில்ல. இட உணர்வு பெரும்பாலும் ஓரத்துலேருந்து கசிஞ்சு வருது, படத்தோட விளிம்புல கன்வல்யூஷன் சுத்தி சைபரை நிரப்புறதால ஓரம் எதுன்னு தெரியும், அதை வச்சு உள்ள இருக்கிறவன் கணக்குப் போட்டுக்கிறான். சின்னப் படத்துல எல்லாக் கட்டமும் ஏதோ ஒரு ஓரத்துக்குப் பக்கம். 1280 உயரத்துல நட்ட நடுவுல நிக்கிற கட்டத்துக்கு மேலயும் தூரம், கீழயும் தூரம். அது என்ன பண்ணும், எனக்குத் தெரிஞ்சது முகம், வரைஞ்சு வைப்போம்னு வரையும்.

2023ல ஸ்கேல்கிராஃப்டர்னு ஒரு பேப்பர் வந்துச்சு. மாடலை மறுபடி பழக்காமலே கன்வல்யூஷனோட பார்வையை மட்டும் அகலப்படுத்திக் காட்டினாங்க, நகல் குறைஞ்சுச்சு. அதனால கன்வல்யூஷன் பக்கம்தான் பெரிய பங்குன்னு நான் நினைக்கிறேன். எத்தனை பங்கு எதுலன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன்.

கோணல்கோடு | ஜூன் 5, காலை 10.51

இது ஓகே. ஆனா டேட்டாவை விட்டுட்டீங்க. வலையில கிடக்கிற நெட்டைப் படம் எல்லாம் எதுன்னு யோசிச்சுப் பாருங்க, படத்துக்குக் கீழ படம் ஒட்டின கொலாஜ், காமிக்ஸ் பட்டை, ஒரே ட்ரெஸ்ஸை நாலு போஸ்ல காட்டுற படம். மாடல் அதைத்தான் கத்துக்கிட்டிருக்கும்.

பழையபிக்சல் | ஜூன் 5, காலை 11.15

1.5க்கு அது பொருந்தாது, அதுக்குப் போனது எல்லாமே சதுரமா வெட்டின படம், நெட்டைக் கொலாஜ் நெட்டையா உள்ள போகவே இல்ல. அதுக்கு அப்புறம் வந்த எஸ்டிஎக்ஸ்எல்லுக்குச் சொன்னா யோசிக்கலாம், அதைத்தான் பல ரேஷியோவுல பழக்கினாங்க.

கோணல்கோடு | ஜூன் 5, காலை 11.17

நானும் பொதுவாத்தான் சொன்னேன்.

பழையபிக்சல் | ஜூன் 5, மதியம் 1.30

சரி, காரணம் கிடக்கட்டும், ப்ராம்ப்ட்டுக்கு வர்றேன். வெள்ளைத்தாள், உங்க ப்ராம்ப்ட்டை நீங்களே ஒரு தடவை படிச்சுப் பாருங்க. முகம், கண்ணு, குடை. `portrait`னு வேற ஆரம்பிக்கிறீங்க. இடுப்புக்குக் கீழ என்ன இருக்குன்னு ஒரு வார்த்தை இல்ல. கீழ 600 பிக்சலுக்கு மேல காலியாக் கிடக்கு, அந்த இடமும் இதே வாக்கியத்தைத்தான் படிக்குது, அதுக்கு வேற வேலை நீங்க குடுக்கல.

இன்னொரு விஷயம், நகல் எல்லாப் படத்துலயும்தான் வருது. நெட்டையா காடு கேளுங்க, மரம் திரும்பத் திரும்ப வரும், யாரும் கண்டுக்க மாட்டாங்க. மேகம், அலை, செங்கல் சுவர் எல்லாம் அப்படித்தான். எண்ணிப் பாக்குற சாமான்ல மட்டும்தான் மாட்டிக்கிறோம். அதனால நீளமா இருக்கிற பக்கத்துல, திரும்ப வந்தாலும் தப்பாத் தெரியாத சாமானைப் போட்டு ரொப்புங்க. மேல மழை வானம், கட்டட மாடி, விளக்குக் கம்பம். கீழ ஈரத் தரை, படிக்கட்டு. ஆளைச் சொல்றப்ப செருப்பு வரைக்கும் சொல்லுங்க. காலுக்கு வார்த்தை இருந்தா கால் வரும், அந்த இடத்துல தலைக்கு வேலை இல்ல.

```
full body photo of a woman standing far away, red umbrella, long coat, black boots,
tall grey buildings above, heavy rain clouds, wet cobblestone street below
```

`detailed face`, `beautiful eyes` ரெண்டையும் மொதல்ல தூக்குங்க. ஆள் சின்னதா நிக்கிற படத்துல கண்ணு அழகா இருந்தா என்ன இல்லாட்டி என்ன.

சீட்ராஜா | ஜூன் 5, மதியம் 2.10

அப்ப நெகட்டிவ் சுத்த வேஸ்ட்டா? எனக்கு வேலை செய்யுதே. 512×704ல டெய்லி போடுறேன், ரெண்டு தலை வந்ததே இல்ல.

பழையபிக்சல் | ஜூன் 5, மதியம் 2.22

512×704ல நெகட்டிவ் போடாமலே பெரும்பாலும் வராது. ஒரு தடவை எடுத்துட்டு ஓட்டிப் பாருங்க.

சீட்ராஜா | ஜூன் 5, மாலை 6.48

எடுத்துட்டு ஓட்டினேன். வரல. ஒரு வருஷமா தாயத்து கட்டிட்டு சுத்தியிருக்கேன் போல.

ஆனா அனிமே மாடல்ல பாசிட்டிவ்ல `solo` போட்டா நிஜமாவே வித்தியாசம் தெரியுது, அதை விட்டுத் தர மாட்டேன்.

பழையபிக்சல் | ஜூன் 5, மாலை 7.03

விட்டுத் தர வேண்டாம், அது உண்மை. அந்தப் படங்களுக்கு ஆட்கள் உக்காந்து ஒரே ஆள் இருந்தா `solo`ன்னு டேக் போட்டிருக்காங்க, மாடல் அந்த வார்த்தையை அந்த அர்த்தத்துலயே கத்துக்கிச்சு. `two heads`ன்னு எந்தப் போட்டோவுக்குக் கீழ யார் எழுதப் போறாங்க? பாக்காத ஒண்ணைத் தவிர்னா எப்படித் தவிர்க்கும்.

வெள்ளைத்தாள் | ஜூன் 6, இரவு 10.25

ரிப்போர்ட். புது ப்ராம்ப்ட், அதே 576×1280. ரெண்டாவது முகம் நிறைய சீட்ல காணோம். ஆனா சிலதுல தூரத்துல, ரோட்டுல இன்னொருத்தி குடையோட வர்றா. இடுப்புலேருந்து மொளைக்கல, தனி ஆளா மரியாதையா நடந்து வர்றா. முன்னேற்றம்தான். சிலதுல கோட்டு முடியவே மாட்டேங்குது, தரை வரைக்கும் பட்டன்.

384×832ல ஓட்டினேன், ஒரே ஆளு, ஆனா முகம் மாவு மாதிரி. அதை Hires. fixல 1.5 மடங்கு பெருசாக்கினா 576×1248 வருது. Denoising strengthஐ 0.7ல வச்சேன், என்ன ஆச்சு தெரியுமா, சின்னப் படத்துல இல்லாத ரெண்டாவது குடை பெருசாக்கும்போது கோட்டுக்குள்ளேருந்து விரிஞ்சு வந்துருச்சு. எங்கிருந்து வருது இது?

பழையபிக்சல் | ஜூன் 6, இரவு 11.00

0.7 அதிகம். பெருசாக்கினதுக்கு அப்புறம் அவ்வளவு நாய்ஸ் போட்டா அமைப்பை மறுபடி முடிவு பண்ற கட்டத்துக்கே திரும்பிப் போயிடுது, பெரிய சைஸ்ல முடிவு பண்ண விட்டா பழைய வியாதிதான். யார் எங்க நிக்கணும்ங்கிறது மொதல் சில ஸ்டெப்லயே முடிஞ்சிரும், பின்னாடி ஸ்டெப் எல்லாம் துணி மடிப்பு, முடி, மழைத்துளி. அதனால சின்ன சைஸ்ல அமைப்பை முடிச்சிட்டு பெருசுல விவரத்தை மட்டும் செய்ய விடணும். இ.எஸ்.ஆர்.கேன் மாதிரி அப்ஸ்கேலர் வச்சு 0.35 பக்கம் ஓட்டுங்க. Latentங்கிற அப்ஸ்கேலரா இருந்தா 0.5க்குக் கீழ போனா மங்கலா வரும், அதான் உங்களை 0.7க்குத் தள்ளியிருக்கும்.

காம்ஃபி யூஐ வச்சிருந்தா `PatchModelAddDownscale`னு ஒரு நோட் இருக்கு. இதே வேலையை ஒரே ஓட்டத்துல பண்ணும், ஆரம்ப ஸ்டெப்ல மட்டும் உள்ளுக்குள்ள சுருக்கி வச்சு அமைப்பை முடிக்கும், `end_percent` வந்ததும் விட்டுரும். டீஃபால்ட் 0.35, அதையே வச்சு ஆரம்பிங்க.

நீலவரி | ஜூன் 7, காலை 8.15

எனக்குப் படுக்கைவாட்டுல இதே கதை. பேனருக்கு 1536×512, கடற்கரையில ஒரே ஒரு சைக்கிள் வேணும். மூணு சைக்கிள் வரிசையா பார்க்கிங் போட்ட மாதிரி வருது. பழையபிக்சல் சொன்னபடி `lone bicycle on the left, long empty beach, low fog, wide horizon`னு போட்டேன். ஒண்ணா வந்துச்சு சில தடவை, ஆனா இடது பக்கம் வரவே இல்ல, அதுக்கு இடது வலது தெரியாதா?

இன்னொண்ணு, என் படத்துல வலது ஓரத்துல அரை சக்கரம், மீதி அரை இடது ஓரத்துல. எல்லாருக்கும் இப்படித்தானா?

கோணல்கோடு | ஜூன் 7, காலை 8.40

அரை சக்கரத்துக்கு Tilingங்கிற டிக் ஆன்ல இருக்கான்னு பாருங்க.

நீலவரி | ஜூன் 7, காலை 8.52

இருந்துச்சு. எப்பவோ துணி டிசைன் பண்ணப்ப போட்டது. யாரும் பாக்கலன்னு நினைச்சுக்கிறேன்.

பழையபிக்சல் | ஜூன் 7, காலை 9.30

1.5க்கு இடது வலது அரைகுறைதான், வார்த்தையில தொங்காதீங்க. பெயின்ட்ல ரெண்டு நிமிஷம் செலவு பண்ணுங்க. 1536×512 தாள், கீழ் பாதி மணல் கலர், மேல் பாதி சாம்பல், இடது பக்கம் சைக்கிள் அளவுக்கு ஒரு கருப்புக் கிறுக்கல். அழகெல்லாம் வேண்டாம், கட்டை விரலால தேய்ச்ச மாதிரி இருந்தாப் போதும். அதை img2imgல குடுத்து Denoising strength 0.7லேருந்து 0.75. ப்ராம்ப்ட்ல சைக்கிளும் மணலும் பனியும். 0.9க்குப் போனா கிறுக்கலை மறந்துட்டு மறுபடி மூணு சைக்கிள், 0.5ல நின்னா கிறுக்கல் கிறுக்கலாவே இருக்கும். நடுவுல நீங்களே தேடிக்கணும், மாடலுக்கு மாடல் மாறும்.

காலியா இருக்கணும்ங்கிற இடத்துக்குக் கலர் இருந்தா அதுக்கும் வேலை குடுத்தாச்சு, அதான் விஷயம். ஆளுன்னா ஓப்பன்போஸ் எலும்புக்கூடு ஒண்ணு வச்சு கன்ட்ரோல்நெட்ல விடலாம், இன்னும் கெட்டியா நிக்கும். சைக்கிளுக்கு எலும்புக்கூடு இல்ல.

நீலவரி | ஜூன் 7, மாலை 5.20

கிறுக்கல் வேலை செஞ்சிருச்சு! மொதல் தடவை கிறுக்கலைப் பெருசா போட்டுட்டேன், சைக்கிளுக்குப் பதிலா மாடு நிக்குது. சின்னதாக்கி ரெண்டு வட்டம் போட்டதும் சைக்கிள். ஒண்ணே ஒண்ணு.

சீட்ராஜா | ஜூன் 7, மாலை 5.41

ரயில் கேட்டிருந்தா இந்த வம்பே இல்ல. எத்தனை பெட்டி வந்தாலும் யாரும் எண்ண மாட்டாங்க.

வெள்ளைத்தாள் | ஜூன் 8, இரவு 9.50

நான் வேற வழியில போனேன். மொதல்ல 512×768ல ஒரே ஆள் முழு உருவம். இந்த சைஸ்ல அது சொன்ன பேச்சு கேக்குது. அப்புறம் மேல 192, கீழ 192 பிக்சல் அவுட்பெயின்ட்ல நீட்டி 512×1152 ஆக்கினேன், 9:20க்கு மயிரிழை வித்தியாசம்.

நீட்டும்போது பண்ணின முட்டாள்தனத்தைச் சொல்லியே ஆகணும். ப்ராம்ப்ட்டை மாத்தாம அப்படியே விட்டுட்டேன். மேல வானம் வர வேண்டிய 192 பிக்சல்ல ஒரு குட்டிப் பொண்ணு குட்டிக் குடையோட கட்டட உச்சியில குந்தியிருக்கா. அந்தத் துண்டுக்கு நான் சொன்னது அவளைத்தானே. ப்ராம்ப்ட்லேருந்து பொண்ணு, குடை ரெண்டையும் எடுத்துட்டு மேலுக்கு இதை மட்டும் போட்டேன், ஒரே ஓட்டத்துல வானம் வந்துச்சு.

```
heavy rain clouds, top of grey buildings
```

கோணல்கோடு | ஜூன் 8, இரவு 10.05

புது மாடலுக்கு மாறினா இவ்வளவு சர்க்கஸ் தேவையா? ஃப்ளக்ஸ்ல எனக்கு இது அபூர்வமாத்தான் வருது. அதுல ஒவ்வொரு துண்டுக்கும் இட நம்பர் உண்டு, நீங்க மேல சொன்ன அதே ஓட்டையை அடைச்சிருக்காங்க.

பழையபிக்சல் | ஜூன் 8, இரவு 10.30

குறையும், ஒழியாது. இட நம்பர் இருந்தாலும் பழகாத தூரத்துக்குப் போனா அந்த நம்பரும் புதுசுதானே. எஸ்டிஎக்ஸ்எல்ல மொத்தப் பிக்சலை 1024×1024 பக்கமே வச்சுக்கிட்டு ரேஷியோவை மட்டும் மாத்திப் பழக்கினாங்க, அதுல 640×1536 உண்டு, உங்க வால்பேப்பருக்கு அது போதும். அதை விட்டுட்டு 1024×2400 அடிச்சா அங்கயும் ரெண்டு மாடி வயிறுதான். நெட்டையாக்கணும்னா அகலத்தைக் குறைங்க, உயரத்தை மட்டும் ஏத்தாதீங்க.

கோணல்கோடு | ஜூன் 8, இரவு 10.38

640×1536ல சில சமயம் ஒரே தலை, ஆனா கால் மட்டும் ஒட்டகச்சிவிங்கி மாதிரி வருதே, அது எந்தக் கணக்கு? ரெண்டாவது ஆளுக்குப் பதிலா இருக்கிற ஆளையே இழுத்து ரொப்புதா?

பழையபிக்சல் | ஜூன் 8, இரவு 10.47

அப்படித்தான் நானும் சந்தேகப்படுறேன். ஆளுக்குப் பின்னாடி கதவு, பெஞ்சுன்னு அளவு தெரியிற சாமான் ஒண்ணு வச்சா எனக்குக் கால் கொஞ்சம் அடங்குது. ஏன்னு கேக்காதீங்க.

வெள்ளைத்தாள் | ஜூன் 9, காலை 7.40

கீழ் 192ஐ நேத்து ராத்திரி முடிச்சேன். `wet cobblestone street, puddle` மட்டும்தான் போட்டேன், பொண்ணுங்கிற வார்த்தையே இல்ல. ஆனாலும் தேங்கின தண்ணியில அவ தலைகீழா நிக்கிறா, சிவப்புக் குடையோட. பிரதிபலிப்பாம். மேல இருக்கிற பிக்சலைப் பாத்துப் பண்ணியிருக்கு போல. ஒரு வாரமா ரெண்டாவது பொண்ணை விரட்டிட்டு இப்ப இவளை நானே விட்டு வச்சிருக்கேன், நல்லா இருக்கா. மேல இருக்கிறவ குடை படத்தோட இடது பக்கம் இருக்கு, தண்ணியில இருக்கிறவ குடை வலது பக்கம், அது மட்டும்தான் உறுத்துது.

தூங்காதவன் | ஜூன் 9, காலை 7.55

கண்ணாடியில அப்படித்தானே தெரியும்?

வெள்ளைத்தாள் | ஜூன் 9, காலை 8.03

தண்ணி காலடியில இருந்தா மேல கீழதான் மாறும், இடது வலது மாறாது. குடை அதே பக்கம்தான் இருக்கணும். கையையும் குடையையும் மாஸ்க் போட்டு இன்பெயின்ட் பண்ணிப் பாக்குறேன், ப்ராம்ப்ட்ல `hand, umbrella` மட்டும். மூணாவது பொண்ணு வந்தா வந்து சொல்றேன்.